கணக்கில் வராத மாத்திரைகள்

மாத்தூர் எம்.எம்.டி.ஏ.வில் மருந்துக்கடை நடத்துகிறவனுக்குப் பல டாக்டர்களின் கையெழுத்து பழகிவிடும். மணலியில் ஒரு டாக்டர், திருவொற்றியூரில் இன்னொருவர், ராயபுரம் பக்கம் போனால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்று ஒரே ஆள் மூன்று இடத்தில் காட்டியிருப்பார். மூன்று சீட்டும் கடைசியில் என் கவுண்டருக்குத்தான் வரும். எந்த மருந்து எதோடு ஒத்துப்போகாது என்பதை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வாய்ப்பிருப்பது அங்கேதான். அப்படியும் என் பில்லில் ஏறாத மாத்திரைகள் உண்டு. காசநோய்க்கு அரசு கொடுப்பவை, எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுப்பவை, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கே வந்து தருபவை. காசு கொடுத்து வாங்காததை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?’ என்று கேட்டால் ‘ஒண்ணும் இல்லீங்க’ என்றுதான் பதில் வரும். அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: ‘கவர்மென்ட்ல சும்மா குடுக்கிறது ஏதாச்சும் இருக்குதா?’

இந்தக் கேள்வி அதிகம் உதவியது கொழுப்பு மாத்திரை விஷயத்தில். அதிலும் ஒரு கன்டெய்னர் லாரி ஓட்டுநரின் விஷயத்தில். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

ஐம்பதைத் தாண்டியவர். துறைமுகத்துக்கும் மணலிக்கும் இடையே வண்டி ஓட்டுகிறவர். ஒரு தனியார் கிளினிக்கில் எல்.டி.எல். 151 என்று பார்த்து அடார்வாஸ்டாடின் 40 மில்லிகிராம் எழுதியிருந்தார்கள். நெஞ்சுவலி எதுவும் வந்ததில்லை, பிரஷர் மட்டும் உண்டு. அந்த வயதுக்கும் அந்த அளவுக்கும் அது தப்பான சீட்டு இல்லை. இரண்டாவது மாத அட்டை வாங்க வந்தபோது, வலி தைலம் ஒன்றும் கேட்டார்.

“எங்கண்ணே வலி?”

“தொடை ரெண்டும் கழண்டுபோற மாதிரி கீது தம்பி. வண்டில ஏறவே முடியல. தோளும் அப்படித்தான்.”

மூட்டை தூக்கிய வலி ஒரு பக்கம்தான் பெரும்பாலும் இருக்கும். ஸ்டாடினால் வரும் தசைவலி இரண்டு பக்கமும் சமமாக, தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில், மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் வரும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். போயிருந்தால் தைலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள், நேராக ஆஸ்பத்திரிதான். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் கடைக்குள் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக ஒதுங்கினார். அதிலேயே பாதி புரிந்துவிட்டது.

எச்.ஐ.வி.க்குத் தாம்பரம் சானடோரியத்தில் மாத்திரை வாங்குகிறார். பக்கத்திலேயே வாங்கலாமே என்று கேட்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்து முகம் எதுவும் அங்கே வராது என்பதற்காகத்தான் ஊருக்கு அந்தக் கோடி வரை போகிறார். மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் மாற்றி வைத்திருந்தார். முதல் வரிசை மருந்து வேலை செய்யாமல் போய், இரண்டாவது வரிசைக்கு வந்தவர். லோபினாவிர், ரிடோனாவிர் இரண்டும் சேர்ந்த மாத்திரை. கிளினிக் டாக்டரிடம் இதை அவர் சொல்லவில்லை. சொல்லாத விஷயம் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

ரிடோனாவிரின் வேலையே இன்னொரு மருந்தைக் கல்லீரல் சீக்கிரம் கழித்துவிடாமல் தடுப்பதுதான். கல்லீரலிலும் குடல் சுவரிலும் 3ஏ4 என்ற நொதி இருக்கிறது. லோபினாவிரை அது வேகமாக உடைத்துவிடும் என்பதால் அதைக் கட்டிப்போட ரிடோனாவிரைச் சேர்க்கிறார்கள். ஆனால் அதே நொதியை நம்பித்தான் சிம்வாஸ்டாடின், லோவாஸ்டாடின், அடார்வாஸ்டாடின் மூன்றும் உடம்பிலிருந்து வெளியேறுகின்றன. துறைமுகத்தில் ஒரு கேட்டை மூடினால் உள்ளே கன்டெய்னர் எப்படித் தேங்கும் என்று அந்த ஓட்டுநருக்கே நான் விளக்க வேண்டியதில்லை; அப்படித்தான் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார். லோபினாவிர்-ரிடோனாவிரோடு சாப்பிட்டால் ரத்தத்தில் அடார்வாஸ்டாடினின் அளவு கிட்டத்தட்ட 6 மடங்காகிறது என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. அடார்வாஸ்டாடினில் உச்ச அளவு 80 மில்லிகிராம். இவர் விழுங்கியது 40தான் என்றாலும் உடம்பு பார்த்தது அந்த உச்சத்தையும் எங்கேயோ தாண்டிய அளவு.

கிளினிக் டாக்டருக்குப் போன் போட்டேன். போடும் முன் ஓட்டுநரிடம் அனுமதி கேட்டேன். இந்த நோயைப் பொறுத்தவரை, அவர் சம்மதமில்லாமல் டாக்டரிடம்கூட நான் வாய் திறக்க விரும்பவில்லை. டாக்டர் அடார்வாஸ்டாடினை அன்றே நிறுத்தச் சொன்னார். சி.கே. என்ற தசை நொதியும் கிரியேட்டினினும் பார்க்கச் சொன்னார். சி.கே. 1,850 வந்தது. சாதாரணமாக 200 பக்கம் இருக்க வேண்டியது. சிறுநீரகம் தப்பித்திருந்தது. ஓட்டுநருக்கு நான் ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னேன்: நிறுத்த வேண்டியது கொழுப்பு மாத்திரையை மட்டும், டப்பாவில் இருப்பதை ஒரு வேளைகூட விடக்கூடாது. மாத்திரையால் வலி என்றதும் எல்லாவற்றையும் நிறுத்துகிறவர்கள் நிறைய. இரண்டாவது வரிசை மருந்தை விட்டுவிட்டால் அடுத்துத் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது.

சில வாரங்களில் வலி போய், சி.கே. இறங்கியது. அடுத்து எதைக் கொடுப்பது என்ற இடத்தில்தான் பிடாவாஸ்டாடின் வந்தது.

பிடாவாஸ்டாடின் 2003இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 3ஏ4 நொதியின் பக்கம் அது ஏறக்குறையப் போவதே இல்லை. வேறொரு நொதியை லேசாகத் தொட்டுவிட்டு, பெரும்பாலும் குளுகுரோனிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளோடு இணைந்து பித்தத்தில் வெளியேறுகிறது. அதனால் லோபினாவிர்-ரிடோனாவிர் சேர்ந்தாலும் அதன் அளவு ஏறவில்லை. சோதித்துப் பார்த்ததில் சுமார் 20 சதவீதம் குறையத்தான் செய்தது. டாக்டர் கல்லீரல் நொதியையும் சிறுநீரகத்தையும் மறுபடி பார்த்துவிட்டு 2 மில்லிகிராம் எழுதினார். மூன்று மாதத்தில் எல்.டி.எல். 151இலிருந்து 98க்கு வந்தது. லாரியில் ஏறுவதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

எச்.ஐ.வி.யையும் பிடாவாஸ்டாடினையும் இணைத்த கதையில் சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது. 1986இல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜைச் சேர்ந்தவர்கள்தான். சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலா செல்லப்பனும் ரத்த மாதிரிகளைச் சேகரித்துச் சோதனை செய்வித்தார்கள். அன்று அந்த நோய் வந்தவர்களுக்கு மாரடைப்பு வருமா என்று கேட்கும் அளவுக்கு ஆயுளே இருக்கவில்லை. மருந்துகள் வந்து ஆயுள் நீண்ட பிறகு, மாரடைப்பு மற்றவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் வருவது தெரிந்தது. அதைத் தடுக்க ஸ்டாடின் உதவுமா என்று பல நாடுகளில் ரிப்ரீவ் என்ற ஆய்வை நடத்தினார்கள். 7,769 பேர் சேர்ந்த அந்த ஆய்வில் இந்தியாவும் இருந்தது, சென்னையும் இருந்தது. ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த மாத்திரை பிடாவாஸ்டாடின் 4 மில்லிகிராம். யார் எந்த எச்.ஐ.வி. மருந்து சாப்பிட்டாலும் அதோடு மோதாது என்பதுதான் காரணம். 2023 ஜூலையில் முடிவு வெளியானது: மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. எச்.ஐ.வி. மருந்து சாப்பிடும் ஒருவருக்குக் கொழுப்பு மாத்திரை என்று சீட்டு வந்தால், இப்போது நான் முதலில் நினைப்பது இந்த ஆய்வைத்தான்.

இந்த மாதிரி ‘சாதுவான’ ஸ்டாடின் என்று மூன்றைச் சொல்வார்கள்: பிரவாஸ்டாடின், ஃப்ளூவாஸ்டாடின், பிடாவாஸ்டாடின். சாது என்ற சொல்லை நம்பி ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்தால் ஏமாந்துபோவோம். மூன்றும் வெளியேறும் வழி வேறு. எந்த மருந்தோடு மோதும் என்பதும் அதனால் வேறு.

பிரவாஸ்டாடினை முதலில் நான் பார்த்தது ஒரு கப்பல்காரரின் பையில். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், ஜப்பான் எழுத்து அச்சடித்த அட்டையை நீட்டி, “இதே மாதிரி இங்க குடுங்க” என்றார். ஜப்பான் அட்டை என்பதில் பொருத்தம் இருக்கிறது. ஸ்டாடின் என்ற வகையே அங்கே பிறந்தது. அகிரா எண்டோ 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, ஒரு நீலப் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாடினை எடுத்தார். அதன் மீது ஒரு ஹைட்ராக்சில் சேர்ந்ததுதான் பிரவாஸ்டாடின். தண்ணீரில் கரையக்கூடியது. கொழுப்பில் கரையும் பல ஸ்டாடின்களைக் கழிக்கக் கல்லீரல் 3ஏ4இன் உதவியைக் கேட்கும். இது அதைக் கேட்பதில்லை, ஒரு பகுதி சிறுநீரகம் வழியாகவே போய்விடும்.

அந்த அட்டைக்கு இணையாக என் அலமாரியில் எதுவும் இல்லை. நம் ஊர்க் கடைகளில் அடார்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் குவிந்து கிடக்கும். பிடாவாஸ்டாடின் 1, 2, 4 மில்லிகிராமில் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். பிரவாஸ்டாடினும் ஃப்ளூவாஸ்டாடினும் மொத்த வியாபாரியிடம் சொல்லி வைத்தாலும் வந்தால் உண்டு. கப்பல்காரர் சாப்பிட்டது 40 மில்லிகிராம். அது எல்.டி.எல்.லை மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கும். பிடாவாஸ்டாடின் 2 கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்யும். டாக்டர் அதையே எழுதினார்.

கொஞ்ச நாளில் அவருக்கு வயிற்றுப் புண், எண்டோஸ்கோப்பி பார்த்து ஹெலிகோபேக்டர் கிருமி என்று 14 நாள் மருந்துத் தொகுப்பு ஒன்று வந்தது. அதில் கிளாரித்ரோமைசின் இருக்கிறது. சிம்வாஸ்டாடினோடு அதைச் சாப்பிட்டால் அளவு பத்து மடங்கு வரை ஏறும். பிரவாஸ்டாடினோடு சாப்பிட்டால் இரண்டு மடங்கு. பிடாவாஸ்டாடின்தான் சாதுவாயிற்றே, தொடரலாமே என்று தோன்றும். ஆனால் மருந்தைக் கல்லீரலுக்குள் இழுத்துப்போகும் புரதம் ஒன்று இருக்கிறது. 3ஏ4இல் தப்பித்த மருந்தும் அங்கே மாட்டிக்கொள்ளலாம். கிளாரித்ரோமைசினின் உறவான எரித்ரோமைசின் பிடாவாஸ்டாடினின் அளவை இரண்டரை மடங்குக்கு மேல் ஏற்றுகிறது. சேர்த்துக் கொடுத்தால் 1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. மாரடைப்பு எதுவும் வராத ஒருவருக்கு இரண்டு வாரம் ஸ்டாடின் இல்லாததால் ஒன்றும் ஆகிவிடாது. டாக்டர் அந்த 14 நாளும் நிறுத்தி வைக்கச் சொன்னார். தொகுப்பு முடிந்த தேதியைக் கொழுப்பு மாத்திரை அட்டை மேலேயே எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுக்காவிட்டால், நிறுத்தியவர்கள் திரும்பத் தொடங்க மறந்துவிடுவார்கள்.

ஃப்ளூவாஸ்டாடினின் கதை இன்னும் சுவாரசியம். 3ஏ4ஐ விட்டுவிட்டு 2சி9 என்ற பக்கத்து நொதியைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரினோடு குறைந்த அளவில் கொடுக்க முடிகிறது. 2003இல் வெளியான அலர்ட் ஆய்வில் சிறுநீரகம் மாற்றிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதைத்தான் சோதித்தார்கள். அதே சைக்ளோஸ்போரினோடு பிடாவாஸ்டாடின் கொடுக்கவே கூடாது, அளவு நாலரை மடங்குக்கு ஏறும். லாரி ஓட்டுநருக்குக் காப்பாய் இருந்த மாத்திரை, சிறுநீரகம் மாற்றியவருக்கு ஆபத்து. மறுபுறம், இதய வால்வு மாற்றிக்கொண்டு ‘ரத்தம் இளக்கும் மாத்திரை’ சாப்பிடுகிறவர்கள் வடசென்னையில் கணிசம். சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்கள். வார்ஃபரினும் அசெனோகூமரோலும் அதே 2சி9 வழியாகத்தான் போகின்றன. அங்கே ஃப்ளூவாஸ்டாடின் சேர்ந்தால் ஐ.என்.ஆர். ஏறும், பல் தேய்த்தால் ரத்தம் வரும், தட்டுப்பட்ட இடமெல்லாம் நீலம் பாயும். பூஞ்சைத் தொற்றுக்குச் சர்வசாதாரணமாகக் கேட்டு வாங்கும் ஃப்ளூகோனசோலும் 2சி9ஐ அடைக்கும். ஆக, ஒருவருக்கு எது சாது என்பது அவர் கூடவே சாப்பிடும் இன்னொரு மாத்திரையைப் பொறுத்தது. ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்து மட்டும் இந்த மூன்றோடும் சேர்க்கக் கூடாதது.

இனி சுகர் விஷயம். கவுண்டரில் இப்போது அதிகம் வரும் கேள்வி இதுதான்: “கொழுப்பு மாத்திரை சாப்பிட்டா சுகர் வரும்னு போன்ல வீடியோ வந்துது சார், நிறுத்திடட்டுமா?”

வரும் என்பது பொய்யில்லை. 2010இல் பதின்மூன்று ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டாடின் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்கு நீரிழிவு வருகிறது என்று தெரிந்தது. பின்னால் வந்த பெரிய தொகுப்பாய்வு, அளவுக்கேற்ப இது மாறுகிறது என்று காட்டியது: குறைந்த, நடுத்தர அளவில் புதிய நீரிழிவு 10 சதவீதம் கூடுகிறது, அதிக அளவில் 36 சதவீதம். ஏற்கெனவே எல்லைக் கோட்டில் நிற்கிறவர்கள்தான் பெரும்பாலும் கோட்டைத் தாண்டுகிறார்கள். இந்தக் கணக்கோடு இன்னொன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், எல்லைக் கோட்டில் நின்றவர்களை எந்தத் தலையீடும் இல்லாமல் விட்டபோது மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடை, சாப்பாடு இரண்டையும் மாற்றியவர்களில் அது 39 சதவீதம். மாத்திரையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்த 55ஐப் பார்ப்பதில்லை.

மூன்று சாதுக்களும் இந்த விஷயத்தில் எப்படி? பிரவாஸ்டாடின் ஒரு ஸ்காட்லாந்து ஆய்வில் நீரிழிவைக் குறைத்தது போல் தெரிந்தது. எழுபது தாண்டியவர்களிடம் செய்த இன்னோர் ஆய்வில் கூட்டியது போல் தெரிந்தது. பிடாவாஸ்டாடின் ஜப்பானில் எல்லைக் கோட்டுக்காரர்களிடம் 1 அல்லது 2 மில்லிகிராமில் நீரிழிவைச் சற்றுக் குறைத்தது. அதை வைத்து, பிடாவாஸ்டாடினால் சுகரே வராது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு 4 மில்லிகிராம் கொடுத்த அதே ரிப்ரீவ் ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 5.3 சதவீதம் பேருக்கும் மருந்து இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்தது. ரத்தச் சர்க்கரையைக் குறைவாக அசைக்கிறது என்று சொல்லலாம். அசைக்கவே இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஒரே தெருவில் இருக்கிற இரண்டு பேரை வைத்து இதைச் சொல்கிறேன். ஒருவர் நாற்பத்தேழு வயது அம்மா. மூணு மாச சுகர் 6.1, அதாவது எல்லைக் கோட்டுக்குள். எல்.டி.எல். 162. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நாற்பதுகளில் மாரடைப்பு. இவருக்கு நெஞ்சில் எதுவும் இல்லை. சில மாதங்கள் சாப்பாட்டைக் குறைத்தும் எல்.டி.எல். பெரிதாக இறங்கவில்லை. இங்கே உச்ச அளவு ரோசுவாஸ்டாடினுக்குத் தேவையில்லை. டாக்டர் பிடாவாஸ்டாடின் 2 எழுதினார். மூன்று மாதத்தில் எல்.டி.எல். 104, சுகர் 6.0. காலையில் நடக்கவும் ஆரம்பித்திருந்தார் என்பதால் அந்த 0.1 யாருடையது என்று சொல்ல முடியாது. அதே அளவு பலனுள்ள அடார்வாஸ்டாடின் 10ஐக் கொடுத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். விலைதான் இதில் கூடுதல். அதை அவரிடமும் சொன்னேன், இருக்கட்டும் என்றார்.

இரண்டாமவர் மணலி ஆலையில் ஒப்பந்த வேலை பார்த்தவர். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தாயிற்று. ரோசுவாஸ்டாடின் 20இல் எல்.டி.எல். 130இலிருந்து 54க்கு வந்திருந்தது. மூணு மாச சுகர் 6.2. அந்த அம்மாவின் மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டு, “எனக்கும் அதையே குடுங்க, இது சுகர் வரவைக்குமாம்” என்று வந்து நின்றார். அவருக்கு நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பிடாவாஸ்டாடினை அதன் உச்சமான 4 மில்லிகிராமில் கொடுத்தாலும் 130 இறங்கி 75 பக்கம்தான் நிற்கும். ஸ்டென்ட் வைத்தவருக்கு 55க்குக் கீழே வேண்டும் என்கிறார்கள். எசெட்டிமைப் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். அப்போதும் கோட்டைத் தொடுமா என்பது சந்தேகம். அவருக்கு அடுத்த மாரடைப்பு வரும் வாய்ப்பு, மாத்திரையால் சுகர் வரும் வாய்ப்பைவிடப் பல மடங்கு பெரிது. சுகர் வந்தால் அதற்கு மருந்து இருக்கிறது, நேரமும் இருக்கிறது. இதயத் தசை ஒரு தடவை போனால் போனதுதான்.

அவர் முழுதாகச் சமாதானமாகவில்லை. இதய டாக்டரிடமே கேட்டு வருகிறேன் என்று போனார். டாக்டரும் மாற்ற வேண்டாம் என்றிருக்கிறார், ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுகர் பார்க்கச் சொல்லி. இப்போதும் ரோசுவாஸ்டாடின் 20தான் வாங்குகிறார். போன தடவை 6.4 வந்தது. மெட்ஃபார்மின் தொடங்குவதா, இன்னும் ஒரு சுற்று நடந்து பார்ப்பதா என்பதை அடுத்த மாதம் போகும்போது முடிவு செய்வார்கள்.